ஆதியிலே ஓர் அங்குலம்

அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் எங்கள் சபையில் எல்லாரும் எல்லாரையும் ‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்றே கூப்பிடுவோம். பத்து வருடம் பழகியும் அவர் பெயரை நான் மூன்று தடவை சொல்லியிருந்தால் அதிகம். இங்கேயும் சொல்லப் போவதில்லை. சிஸ்டர் என்றே இருக்கட்டும்.

முதலில் நினைவுக்கு வருவது அவர் கைகள். அவை சும்மா இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். லிட்டில் இந்தியா நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறினால், பிடிக்கக் கம்பி இருந்தாலும் பிடிக்கமாட்டார். கதவில் சாய்ந்துகொண்டு, நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளையும் தூக்கி எதையோ பின்னுவார், பிரிப்பார், தலையாட்டுவார், திரும்பவும் பின்னுவார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் போனைப் பார்ப்பதுபோல் இவரைப் பார்ப்பார்கள். ஒரு சீனப் பாட்டி ஒருமுறை எழுந்து இடமே கொடுத்தார், ஏதோ வலிப்பு என்று நினைத்து. சிஸ்டர் நன்றி சொல்லிவிட்டு உட்காராமல் நின்றார். உட்கார்ந்தால் முழங்கை இடிக்குமாம்.

அவர் சைகைமொழியில் மொழிபெயர்ப்பவர். சம்பளத்துக்கு அல்ல, ஒரே ஒருவருக்காக. முன்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில் இடது ஓரமாக உட்காரும் அவர் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பல் செட் செய்கிற லேப் ஒன்றில் வேலை. நாற்பதைத் தாண்டியவர், சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வருவார். பள்ளியில் அவருக்கு ஆங்கிலம்தான் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ் கிடையாது. ஆகவே எங்கள் தமிழ் ஆராதனை முழுவதும் அவருக்கு உதட்டசைவு மட்டும்தான். மேடைக்கு இடப்புறம் நின்று அக்கா கையால் சொன்னால்தான் உண்டு.

அதற்காகச் சிஸ்டர் ஞாயிறுதோறும் ஒரே மாதிரி உடுத்துவார். வெளிர் மஞ்சள் அல்லது சந்தன நிறம். கரை கிடையாது, பூ கிடையாது, கையில் ஒரு வளையல்கூடக் கிடையாது. மாநிறக் கைக்குப் பின்னால் துணி வெளிறி இருந்தால்தான் விரல் துலங்கும், கோடும் பூவும் இருந்தால் கண்ணைக் கலக்கிவிடும் என்பார். கிறிஸ்துமஸ் அன்று மற்றப் பெண்கள் காஞ்சிபுரத்தில் ஜொலிக்க, இவர் மட்டும் வெறுங்கையோடு மேடையில் நிற்பார். புருஷன் குத்துக்கல்லாட்டம் பின்பெஞ்சில் இருக்கும்போது இது என்ன கோலம் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு அம்மாள் நேரிலேயே கேட்டுவிட்டார். சிஸ்டர் கோபப்படவில்லை. “ஆன்ட்டி, நீங்க மைக்க துணி போட்டு மூடிட்டு பேசுவீங்களா?” என்று மட்டும் திருப்பிக் கேட்டார்.

அவருடைய ஓயாத கேள்வி ஒன்று இருந்தது. போதகரில் தொடங்கி தேநீர் ஊற்றுகிறவர் வரை யாரிடமும் கேட்பார்: “அது பாக்க எப்படி இருக்கும்?” கிருபை பார்க்க எப்படி இருக்கும்? மேலிருந்து இறங்குமா, உள்ளேயிருந்து ஊறுமா? மகிமை ஒரே இடத்தில் நிற்குமா, பரவுமா? ‘ஆசீர்வதிக்கப்பட்டவர்களாய் இருக்கிறோம்’ என்று போதகர் பொத்தாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால், மேடையிலேயே கையைத் தாழ்த்திவிட்டு அவரைப் பார்ப்பார். போதகர் இன்னொரு தடவை, கொஞ்சம் புரியும்படி சொல்ல வேண்டியிருக்கும். சபையில் பாதிப் பேருக்குப் பிரசங்கம் புரிந்ததே அவர் தயவில்தான் என்று நான் சொல்வேன். போதகர் அப்படி நினைத்தாரா என்று தெரியவில்லை.

இனி என்னைப் பற்றி இரண்டு வரி. குளிர்சாதனக் குழாய்களுக்கு வரைபடம் போடுவது என் பிழைப்பு. மாலை நேர வகுப்பில் இரண்டு வருடம் கிரேக்கம் படித்தவன். படித்ததைவிட, படித்தேன் என்று சொல்லிக்கொண்டதுதான் அதிகம். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் காலை யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை வாசிப்பது வழக்கம், அந்த வாசிப்பு வருடாவருடம் எனக்குத்தான். ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று தொடங்கும்போது என் குரல் தானாகவே இரண்டு படி இறங்கிக் கனத்துவிடும். அந்தக் கனத்தில் எனக்கு ஒரு ரகசியப் பெருமையும் உண்டு.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்பு ஆராதனை முடிந்ததும் சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். தம்பி இனி சபைக்கு வரப்போவதில்லையாம். கிறிஸ்துமஸோடு சரி என்று சொல்லிவிட்டாராம். அந்த வருடத் தொடக்கத்தில் அவர்கள் அம்மா காலமாகியிருந்தார். அம்மாவுக்காகத்தான் அத்தனை நாள் வந்தாராம்.

அதோடு ஒரு கேலியும். ‘வார்த்தை’ என்பதற்குச் சைகையில் ஒரு விரலை நீட்டி, அதன்மேல் மற்றக் கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சின்ன இடைவெளி விட்டு வைத்துக் காட்டுவார்கள். தாளில் அச்சடித்த ஒரு சொல்லின் நீளம். சிஸ்டர் வருடாவருடம் அப்படித்தான் காட்டியிருக்கிறார். தம்பி அந்த இடைவெளியைத் தன் கையால் அளந்து காட்டிச் சிரித்திருக்கிறார். ஆதியிலே ஓர் அங்குலம் இருந்தது, அந்த அங்குலம் கடவுளிடம் இருந்தது, அந்த அங்குலம் கடவுளாய் இருந்தது. இத்தனை வருடம் இதையா பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டாராம். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, உங்கள் கடவுள் பேச்சில் ஆரம்பிக்கிறார், எனக்கு அழைப்பு இல்லை என்றாராம்.

“அவன் வராம போனா, பிரதர், வாரத்துல ஒரு தடவ பாக்குறதும் போயிடும். எங்க குடும்பத்துல சைகை தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்” என்றார். “அந்த வார்த்த பாக்க எப்படி இருக்கும்? நாலு வாரத்துல சொல்லுங்க.”

எனக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்தது மாதிரி இருந்தது. இத்தனை வருடம் யாருமே கேட்காத கேள்வி. அடுத்த சனிக்கிழமை பஃபலோ ரோட்டுக் காப்பிக்கடையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. தே தாரிக் தேநீரை மேசையில் வைத்துவிட்டு, கடைக்கும் காய்கறித் தட்டுகளுக்கும் நடுவே நடந்தபடியே கேட்டார்.

‘லோகோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைத்தான் நாம் வார்த்தை என்கிறோம் என்று தொடங்கினேன். கத்தோலிக்கர்கள் ‘வாக்கு’ என்கிறார்கள். இரண்டுமே வாயை விட்டு நகரவில்லை. கிரேக்கச் சொல்லோ திரட்டுதல், எண்ணுதல், எடுத்துச் சொல்லுதல் என்ற வேரிலிருந்து வருவது. பேச்சு என்றும் பொருள், கணக்கு என்றும் பொருள். விகிதம், காரணம், விளக்கம், அறிவு எல்லாமே அதற்குள் அடக்கம். தனியாக ஒரு சொல்லை, அகராதியில் இருக்கிற மாதிரி, குறிக்க வேண்டுமென்றால் கிரேக்கர்களிடம் வேறு சொற்கள் இருந்தன. ஆகவே அங்குலக் கணக்கு ஆரம்பத்திலேயே தப்பு.

யோவான் சுவிசேஷம் எபேசு பட்டணத்தில் எழுதப்பட்டது என்பது பழைய மரபு. அதே பட்டணத்தில் அதற்கு அறுநூறு வருடம் முந்தி ஒரு சிந்தனையாளர் இருந்தார். எல்லாம் ஆறுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றவர். ஓடுவதெல்லாம் ஒரு லோகோஸின்படிதான் ஓடுகிறது, அது எல்லாருக்கும் பொது, ஆனால் மனிதர்கள் அதைக் கேட்பதற்கு முன்னாலும் விளங்கிக்கொள்வதில்லை, கேட்ட பின்னாலும் விளங்கிக்கொள்வதில்லை என்றார் அவர்.

“நம்ம சபைக்கு வந்திருக்கார் போல” என்றார் சிஸ்டர்.

பிறகு ஸ்தோயிக்கர்கள் என்ற தத்துவக் கூட்டத்தார். அவர்களுக்கு லோகோஸ் என்பது உலகம் முழுக்க ஊடுருவி நிற்கும் அறிவு, நெருப்புபோல. அவர்களிடம் இன்னொரு பிரிவினையும் இருந்தது. உள்ளே இருக்கிற லோகோஸ், வெளியே வருகிற லோகோஸ். நினைப்பு ஒன்று, உரைப்பு ஒன்று. பிறகு அலெக்சாந்திரியாவில் இருந்த ஒரு யூத அறிஞர். இவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் என் தொழிலை உதாரணம் காட்டினார். ஒரு பட்டணம் கட்டும் முன் கட்டடக்காரன் மனத்தில் அந்தப் பட்டணம் முழுதும் இருக்கும் அல்லவா, தெரு, சந்தை, துறைமுகம் என்று? உலகம் உண்டாகும் முன் கடவுளின் லோகோஸில் அது அப்படி இருந்தது என்றார்.

இதைச் சொல்லும்போது என் குரல் கனத்திருக்க வேண்டும். சிஸ்டர் நின்றார். ‘திட்டம்’ என்பதற்கான சைகையை ஒருமுறை போட்டுப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகள் இணையாக ஒரு பக்கம் நகர்ந்தன. “இதக் காட்டினா ஹவுசிங் போர்டு புது பிளாக் கட்டப் போகுதான்னு கேப்பான் லா” என்றார்.

அடுத்த இரண்டு வாரமும் இப்படித்தான் போயின. இரவெல்லாம் நான் தேடி எழுதி வைப்பேன், அவர் ஒரு கையசைப்பில் தள்ளுவார். வாயிலிருந்து நான்கு விரல் துள்ளி வரும் ‘பேச்சு’ சைகையைத் தம்பி பார்க்கக்கூட மாட்டாராம். ‘இயேசு’ என்றே காட்டிவிடலாமா என்று ஒருநாள் கேட்டார். நடுவிரலால் இரண்டு உள்ளங்கைகளையும் மாற்றி மாற்றித் தொடும் சைகை அது, ஆணித் தழும்பு. பலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. யோவான் அந்தப் பெயரைப் பதினேழாம் வசனம் வரை சொல்லாமல் அடக்கி வைத்திருக்கிறார், முதல் வரியிலேயே ஆணியைக் காட்டினால் அவர் கட்டி எழுப்பியதெல்லாம் சரிந்துவிடும் என்றேன். சிஸ்டர் பாகற்காய் வாங்கப் போய்விட்டார்.

கிரேக்கர்களை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் என்பதையும் சொன்னேன். ‘ஆதியிலே’ என்று யோவான் தொடங்குவதே ஆதியாகமத்தின் முதல் சொல்லை எடுத்துத்தான். அங்கே கடவுள் சொல்கிறார், உடனே ஆகிறது. எபிரேயத்தில் சொல்லுக்கும் நடந்த காரியத்துக்கும் ஒரே பெயர். ஞானம் என்ற ஒருத்தி படைப்பின்போது கடவுளின் பக்கத்தில் இருந்தாள் என்று நீதிமொழிகள் பேசுகிறது. இந்த இரண்டு ஆறும் கலக்கிற இடத்தில் யோவான் நிற்கிறார்.

“பிரதர், எல்லாரும் ஒண்ணு ஒண்ணு சொல்றாங்க. யோவான் என்ன சொல்றார்? அவர் மட்டும் சொன்னது என்ன?”

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிச் சொன்னேன். லோகோஸ் என்றால் கிரேக்கன் தலையாட்டுவான், யூதனும் தலையாட்டுவான். பதின்மூன்று வசனம் அப்படித் தலையாட்ட வைத்துவிட்டு, பதினாலில் ‘அந்த வார்த்தை மாம்சமானது’ என்று போடுகிறார். அங்கே இரண்டு பேர் தலையும் நின்றுவிடும். எரியும் அறிவுக்கும் மனத்திலிருக்கும் பட்டணத்துக்கும் தோலும் பசியும் வரும் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. அதற்கு முன்பு வரை வார்த்தைக்கு ‘இருந்தது’ என்ற வினைதான். மற்றதெல்லாம் ‘உண்டாயிற்று’. பதினாலில் முதல்முறையாக வார்த்தையே ஒன்றாக ‘ஆகிறது’. அதுவும் எப்படி? நம் நடுவே கூடாரம் போட்டது, நாம் அதைக் கண்டோம் என்கிறார். கேட்டோம் என்று அல்ல, கண்டோம் என்று.

சிஸ்டர் நடப்பதை நிறுத்திவிட்டார். “இத மொதல் வாரமே சொல்லியிருக்கலாம்ல?” என்றார். சொல்லியிருக்கலாம். ஆனால் என் நோட்டுப் புத்தகத்தில் அது கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அன்றே என்னைத் தோ பாயோவில் இருந்த தம்பி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மேசையில் வண்ணப் பென்சில் டப்பாபோல ஒரு பெட்டி, அதற்குள் வரிசையாக மெழுகுப் பற்கள். தம்பி எனக்குக் கை கொடுத்தார். நான் வழக்கம்போலக் கட்டைவிரலை உயர்த்திப் பல்லைக் காட்டினேன். பத்து வருடத்தில் அவரிடம் நான் பேசியது அந்தக் கட்டைவிரல் மட்டும்தான். அதற்கு முன் அது எனக்கு உறைத்ததே இல்லை.

நான் சொல்லச் சொல்லச் சிஸ்டர் கையால் சொன்னார். உள்ளே இருக்கும் லோகோஸ், வெளியே வரும் லோகோஸ் என்ற இடத்தில் தம்பி குறுக்கிட்டார். வெளியே வருவதென்றால் எது வழியாக, வாயா, கடவுளுக்கு வாய் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். உலகம் உண்டாகும் முன் யாரிடம் பேசினார், யாரும் இல்லையே என்று அடுத்த கேள்வி. இதற்கு மட்டும் நான் எழுந்து நின்றுதான் சொன்னேன். ‘தேவனிடத்தில் இருந்தது’ என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘நோக்கி’ என்ற சொல். பக்கத்தில் கிடந்தது என்று அல்ல, முகம் பார்த்து இருந்தது. வார்த்தை கடவுளுக்கு முகம் திருப்பி இருந்தது. அதே சமயம் அதுவும் கடவுளாகவே இருந்தது. அவரே இவர் என்று ஒன்றாக்கிவிடவும் முடியாது, இவர் குறைந்தவர் என்று தள்ளிவிடவும் முடியாது.

தம்பி பல் பெட்டியை மூடினார். பிறகு வலது கையை நெற்றியில் வைத்தார். அங்கிருந்து விரல்கள் மெதுவாக விரிந்து வெளியே வந்தன. வந்த கை எதிரே உயர்ந்து நின்ற இடது கையைப் பார்த்துத் திரும்பி, அப்படியே நின்றது. நகரவில்லை. எனக்குச் சைகை ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் நான் இரண்டு வருடம் படித்ததும் மூன்று வாரம் உளறியதும் அந்த இரண்டு கைகளுக்கு நடுவே இருந்தது.

சிஸ்டர் அதை நான்கு தடவை செய்து பார்த்தார். தம்பி ஒரு தடவை அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்வைத் திருத்தினார். அவ்வளவு சந்தோஷமாகச் சிஸ்டரை நான் பார்த்ததில்லை. அப்படியானால் சபைக்கு வருவாய் அல்லவா என்று அவர் கையால் கேட்டிருப்பார். தம்பி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். சிஸ்டர் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும் வழியில், பிளாக்குக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவில் மூன்று தடவை நடந்துவிட்டுத்தான் சொன்னார். சைகை சரியாகிவிட்டது, சபை சரியாகவில்லை என்றாராம் தம்பி. முப்பது வருடம் வந்தேன், அத்தனை பேரும் கை கொடுத்தார்கள், ஒருவரும் ஒரு வாக்கியம் சொன்னதில்லை என்றாராம். நான் என் கட்டைவிரலைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டேன்.

“அவங்கள விடுங்க பிரதர். என்னப் பத்தி அவன் ஒண்ணுமே சொல்லல. அதான் பயமா இருக்கு.”

பிறகு சொன்னார். அப்போது தம்பிக்கு ஆறு வயது, இவருக்குப் பத்து. கையால் பேச விட்டால் வாயால் பேசமாட்டான், உதட்டைப் படிக்கவும் கற்கமாட்டான் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டில் கை தூக்கக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டார். அம்மாவுக்கு அடுப்படி வேலை இருக்கும். ஆகவே அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் பிடித்துக் கீழே அமுக்குகிற வேலை அக்காவுக்கு. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து அமுக்குவாராம்.

“நல்லா செஞ்சேன் பிரதர். நான் அம்மா சொன்ன பேச்சு கேக்குற பிள்ள” என்றார். “முப்பத்தஞ்சு வயசுலதான் கிளாஸுக்குப் போயி சைகை கத்துக்கிட்டேன். அதப் பத்தி நாங்க இன்னிக்கி வரைக்கும் பேசினதே இல்ல.”

பேருந்து வந்தது, ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. கிரேக்கத்தில் அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையே வந்தது. பெஞ்சுகள் நிறைந்து, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பாடகர் குழு உட்கார்ந்ததும் நான் வாசிக்க எழுந்தேன். சிஸ்டர் சந்தன நிறப் புடவையில், வெறுங்கையோடு, மேடைக்கு இடப்புறம். தம்பி மூன்றாம் பெஞ்சில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். அது அவருடைய கடைசி ஞாயிறு என்று சபையில் எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும்.

ஆதியிலே என்று தொடங்கினேன். குரலைக் கனக்க விடாமல், சிஸ்டர் கைக்கு இடம் விட்டு வாசித்தேன். நெற்றியிலிருந்து விரிந்த கை எதிரே திரும்பி நின்றது. சைகை தெரியாத சபை அதைப் பார்த்தது. பின்னால் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைகூட நிறுத்தியதாக நினைவு, ஆனால் அது நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். ‘இருந்தது’ வந்தபோதெல்லாம் கை அசையாமல் நின்றது, ‘உண்டாயிற்று’ வந்தபோது புரண்டு விரிந்தது. தம்பியின் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி, தன் லேப்பில் ஒரு பல் சரியாக உட்கார்ந்த மாதிரி. இருள், ஒளி, சாட்சி கொடுக்க வந்த மனிதன் என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம்.

நாங்கள் நான்கு வாரம் உழைத்தது முதல் வசனத்துக்கும் பதினாலாம் வசனத்துக்கும்தான். நடுவில் இருந்ததை எல்லாம் எளிது என்று விட்டுவிட்டோம். எளிதுதான். கிரேக்கம் தேவையே இல்லை. பதினோராம் வசனத்தை வாசித்தேன். அவர் தமக்குச் சொந்தமானதிலே வந்தார்; அவருக்குச் சொந்தமானவர்களோ அவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

சிஸ்டரின் கை வருவதையும் சொந்த வீட்டையும் காட்டியது. ‘சொந்தமானவர்கள்’ வரை போனது. அதற்குமேல் போகவில்லை. கைகள் நெஞ்சுக்கு நேரே எழுந்தபடியே நின்றன. நான் இரண்டாம் பாதியை மெதுவாகத் திரும்ப வாசித்தேன், கேட்கவில்லையோ என்று. இல்லை, கேட்டிருக்கிறது. அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார், தம்பி அவரை. வார்த்தை தன் வீட்டுக்கு வந்ததும், வீட்டார் அதைக் கைபிடித்து அமுக்கியதும் வாசிக்கிற என் கண்ணுக்குக்கூட அப்போதுதான் தெரிந்தது.

போதகர் இருமினார். ஆர்கன் வாசிப்பவர் பக்கம் புரட்டினார். சிஸ்டர் ஒரு கையைத் தாழ்த்தினார். மற்றக் கையால் தம்பியைச் சுட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக் கீழே அமுக்கினார். அது வசனத்தில் இல்லை. சபைக்கு அது இன்னொரு சைகையாகத் தெரிந்திருக்கும். அவர் முகம் முழுக்க நனைந்திருந்தது, அவர் துடைக்கவில்லை, துடைத்தால் கை மறைந்துவிடும்.

தம்பி எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். பக்கவாசல் அவருக்கு ஆறு அடியில் இருந்தது. அவர் உட்கார்ந்தபடி அக்காவைப் பார்த்தார். பிறகு ஒரு கையைத் தூக்கி விரல் நுனிகளால் நெற்றி ஓரத்தைத் தொட்டார். அதே கையை முன்னால் கொண்டுவந்து, மேசைமேல் ஒன்றைத் தள்ளிவிடுவதுபோல மெதுவாக நகர்த்தினார். அவ்வளவுதான். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சிஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் பன்னிரண்டாம் வசனத்துக்குப் போனேன், அவரை ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேரோ என்று. கை என் குரலுக்கு முன்னால் போயிற்று. நான் பின்னாலேயே போனேன்.

நான் அப்புறம் உட்லண்ட்ஸுக்கு வீடு மாறி, அங்கே பக்கத்துச் சபைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். சிஸ்டரைப் பார்த்துப் பல வருடமாகிறது. மாறும் முன், அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு, தம்பி வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் நான் சிஸ்டரிடம் போய், அன்றைக்குத் தம்பி என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்கலாமா என்று ஒரு வாரம் யோசித்திருந்தேன்.

சிஸ்டர் நடக்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் கைகள் சும்மா இருந்ததைப் பார்த்தேன்.

“‘தெரியும்’னான்” என்றார். “‘மேல சொல்லு’ன்னான்.”